ஆசிரியருக்கு மாணவர் எழுதும் பாயிரம்

பல்கலைக்கழகத்தில் முப்பது நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்திய ஒரு பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். பொன்னாடை போர்த்துவதும் விருந்து வைப்பதும் எல்லா ஊரிலும் உண்டு. ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இவற்றோடு இன்னொரு வழக்கமும் இருக்கிறது. அவரிடம் படித்தவர்களும் அவரோடு பணியாற்றியவர்களும் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுதி, அவற்றை ஒரே நூலாகக் கட்டி அவர் கையில் கொடுப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய வழக்கம் இது. அதனால்தான் உலகெங்கும் அந்த ஜெர்மன் பெயராலேயே, ஃபெஸ்ட்ஷ்ரிஃப்ட் என்று அழைக்கிறார்கள். நம் பக்கத்தில் மணிவிழா மலர், பாராட்டு மலர் என்று வருபவை இதற்கு உறவுதான். ஆனால் மலரில் வாழ்த்துரைகளும் புகைப்படங்களும் முன்னால் நிற்கும், ஆய்வு பின்னால் தள்ளப்படும். ஃபெஸ்ட்ஷ்ரிஃப்டில் வாழ்த்துக்கு ஒதுக்கப்படும் இடம் மிகவும் குறைவு. பெரும்பாலும் அது முன்னுரை எழுதுபவரின் நாலைந்து பக்கங்களோடு முடிந்துவிடும்.

அந்த நாலைந்து பக்கங்களைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். நூலின் மற்றப் பக்கங்களை அந்தந்தத் துறைக்காரர்கள் தேடிப் படிப்பார்கள். முன்னுரையை எல்லோரும் படிப்பார்கள், பேராசிரியரின் குடும்பம் உட்பட. எழுதுவதற்கு மிகவும் கடினமான பகுதியும் அதுதான். மற்றக் கட்டுரைகளில் சான்று இருந்தால் போதும். முன்னுரையில் அன்பும் தெரிய வேண்டும், சான்றும் இருக்க வேண்டும். சமய ஒப்பியல் பேராசிரியருக்கு எழுதும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. எந்தச் சமயத்தின் பக்கமும் சாயாமல் எல்லாச் சமயங்களையும் படிப்பதையே தொழிலாகக் கொண்டவரைப் பக்திப் பரவசத்தில் புகழ்ந்து எழுதினால், அவர் கற்றுக்கொடுத்த பாடத்தையே மறந்ததாக ஆகிவிடும்.

யார் எழுதலாம் என்ற கேள்விக்குத் தமிழில் பழைய விடை ஒன்று இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் பாயிரத்துக்கு விதி வகுக்கும்போது, எத்தனை பெரிய நூலைச் செய்தவனும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொல்லிவிட்டு, சிறப்புப்பாயிரம் எழுதத் தகுந்தவர்கள் என்று நால்வரைக் குறிக்கிறார். நூலாசிரியனின் ஆசிரியர், அவனோடு ஒன்றாகப் படித்தவர், அவனுடைய மாணாக்கர், அந்நூலுக்குத் தகுந்த உரை எழுதியவர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒரே ஆசிரியரிடம் படித்தவர் என்பது மரபு. அந்தப் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கும் பட்டியல் உண்டு. செய்தவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, எடுத்துக்கொண்ட பொருள், கேட்போர், பயன் என்று எல்லாம் தகவலாகவே இருக்கும். புகழ் என்று தனி உறுப்பு எதுவும் அதில் இல்லை. பவணந்தி சமணர். அவருடைய நூலுக்கு உரை எழுதிய சங்கர நமச்சிவாயர் சைவர். அந்த உரையைத் திருத்திச் செப்பம் செய்தவர் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர். ஒரு சமயத்தார் நூலை இன்னொரு சமயத்தார் பாடம் சொன்ன ஊர் இது என்பதைப் போகிற போக்கில் குறித்து வைக்கலாம்.

இனி ஒரு பேராசிரியரை எடுத்துக்கொள்வோம். நினியன் ஸ்மார்ட். 1927இல் பிறந்து 2001இல் மறைந்த பிரிட்டிஷ் அறிஞர். 1994இல் அவரைச் சிறப்பித்து ஒரு கட்டுரைத் தொகுப்பு வந்தது. பீட்டர் மேஸ்ஃபீல்ட், டொனால்ட் வீபி என்ற இருவர் அதன் பதிப்பாசிரியர்கள். மேஸ்ஃபீல்ட் பாலி மொழிப் பௌத்த நூல்களில் ஆழ்ந்தவர். வீபி ஸ்மார்ட்டிடமே முனைவர் பட்டம் பெற்ற மாணவர். ஆக, நன்னூலின் விதிக்குள் வந்துவிட்டார். இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி முன்னுரை எழுத உட்காருபவர் கையில் என்னென்ன இருக்கும், எதை எடுப்பார், எதை விடுவார் என்று பார்த்தால் இந்த எழுத்து வகையின் நுட்பம் பிடிபடும்.

எழுதுபவர் முதலில் இடறுவது வாழ்க்கைக் குறிப்பில். பிறந்தது, படித்தது, பதவிகள், விருதுகள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனால் அது வேலைக்கான விண்ணப்பம் போல ஆகிவிடும். ஸ்மார்ட்டின் வாழ்க்கையில் அப்படி அடுக்க நிறையவே இருக்கிறது. தந்தை வானியல் பேராசிரியர். அண்ணன் ஜாக் ஸ்மார்ட் ஆஸ்திரேலியாவில் பெயர்பெற்ற தத்துவ அறிஞர், இன்னொரு சகோதரர் கலை வரலாற்று அறிஞர். இதையெல்லாம் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நிற்க வேண்டிய இடம் வேறு.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பதினெட்டு வயதில், ஸ்மார்ட் பிரிட்டிஷ் இராணுவத்தின் உளவுப் பிரிவில் சேர்ந்தார். அங்கே அவருக்குச் சீன மொழி கற்றுக்கொடுத்தார்கள். பிறகு இலங்கைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் பௌத்தத்தை அவர் முதன்முதலாக நேரில் பார்த்தார். கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்த இளைஞனுக்கு அது சாதாரண விஷயம் அல்ல. உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை நடுவில் வைக்காமலேயே விகாரைகளும் துறவிகளும் நோன்புகளும் கதைகளும் கொண்ட ஒரு முழுச் சமயம் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் சமயம் என்றாலே கடவுள் நம்பிக்கை என்று அதுவரை சொல்லிவந்த இலக்கணம் என்ன ஆவது? பிற்காலத்தில் அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது.

இதில் வரலாற்று ஒற்றுமை ஒன்றும் இருக்கிறது. பிரிட்டனில் சமய ஒப்பியலுக்கு என்று முதலில் பேராசிரியர் இருக்கை ஏற்பட்டது மான்செஸ்டரில், 1904இல். அதில் அமர்ந்தவர் ரைஸ் டேவிட்ஸ். பாலி நூல்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு உலகுக்குத் தந்த பாலி நூற்கழகத்தை 1881இல் தொடங்கியவர் அவர். அவரும் இளம் வயதில் இலங்கை நிர்வாகப் பணிக்கு வந்து, அங்கேதான் பாலி படித்தார். ஆட்சி செய்ய வந்தவர், படைக்கு வந்தவர் என்று இருவர், இரண்டு தலைமுறை இடைவெளியில், ஒரே தீவில் ஒரே சமயத்தின் முன் போய் நின்றிருக்கிறார்கள். நல்ல முன்னுரை இந்த மாதிரி இணைப்பைக் காட்டும். பேராசிரியர் தனியாக வானத்திலிருந்து குதித்தவர் அல்லர், ஒரு மரபில் வந்தவர் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். அந்த மரபு காலனி ஆட்சியோடு எப்படிப் பின்னிக் கிடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சீன மொழிக்கு வருவோம். பன்மொழிப் புலமையும் பரந்த உள்ளமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற பேரறிஞர் என்று ஒரு வாக்கியம் எழுதலாம். எத்தனையோ மலர்களில் எத்தனையோ பேரைப் பற்றி வந்த வாக்கியம். பெயரை மாற்றினாலும் பொருந்தும். இப்படியும் எழுதலாம்: இராணுவத்தில் பதின்ம வயது முடிவதற்குள் தொடங்கிய சீனப் படிப்பு வீணாகவில்லை, 1974இல் அவர் மாவோவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இதில் பெயரை மாற்ற முடியாது. கூடவே வாசகருக்கு ஒரு கேள்வியும் எழும். சமயப் பேராசிரியருக்கு மாவோவிடம் என்ன வேலை? அந்தக் கேள்வி நேராக அவருடைய ஆய்வின் மையத்துக்கே கூட்டிப் போய்விடும். மார்க்சியமும் தேசியமும் சமயங்கள் அல்ல என்றாலும், அவையும் சமயங்களைப் போலவே சடங்கு, புனிதக் கதை, அறம், அமைப்பு எல்லாம் கொண்டவை, அதே கருவிகளால் ஆராயத் தகுந்தவை என்பது ஸ்மார்ட்டின் கட்சி. அன்பும் ஆய்வும் ஒரே வாக்கியத்தில் கைகோக்கிற இடம் இதுதான். புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் ஆள் கண்முன் வந்து நிற்கிறார்.

அடுத்து, அவர் என்ன செய்தார் என்பது. இங்கேதான் பல முன்னுரைகள் நூல் பட்டியலாகச் சுருங்கிவிடுகின்றன. பட்டியல் நூலின் கடைசியில் முழுமையாக வரும். முன்னுரை சொல்ல வேண்டியது வேறு: இவர் வருவதற்கு முன் இந்தத் துறையில் எதைக் கேட்க முடியாமல் இருந்தது, இவர் வந்த பிறகு எதைக் கேட்க முடிந்தது?

ஸ்மார்ட்டின் காலம் வரை பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் சமயம் என்பது பெரும்பாலும் இறையியல் துறையின் சொத்து. அங்கே பைபிளும் திருச்சபை வரலாறும் முதலிடம் பெறும். மற்றச் சமயங்களுக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். ஸ்மார்ட்டும் பர்மிங்ஹாமில் இறையியல் பேராசிரியராக இருந்தவர்தான். 1964இல் லான்காஸ்டரில் புதிய பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கியது. அங்கே 1967இல், இறையியலின் நிழலில் ஒதுங்காமல், சமயங்களைச் சமயங்களாகவே படிக்கும் துறையை அவர் நிறுவினார். அந்நாட்டில் அவ்வகையில் அதுதான் முதல். அந்தப் பேராசிரியர் பதவிக்கு எந்தச் சமயத்தவரும் விண்ணப்பிக்கலாம், சமயமே இல்லாதவரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். இன்று நமக்கு இது இயல்பாகத் தெரியும். திருச்சபையில் குருப்பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இறையியல் பதவிகள் நிரப்பப்பட்டுவந்த நாட்டில், அது சிறிய மாற்றம் அல்ல.

துறையை நிறுவியதைவிட அதிகம் பரவியது அவர் செய்துகொடுத்த ஒரு கருவி. ஒரு சமயத்தைப் பார்க்கும்போது ஏழு பக்கங்களிலிருந்து பாருங்கள் என்றார். சடங்கு, அனுபவம், புனிதக் கதை, கோட்பாடு, அறமும் சட்டமும், சமூக அமைப்பு, கடைசியாகக் கட்டடம், சிலை, ஊர், மலை, ஆறு போன்ற பொருள்கள். முதலில் ஆறுதான் சொன்னார். பொருள் என்ற ஏழாவது பின்னால் சேர்ந்தது. 1989இல் வெளிவந்த அவருடைய உலகச் சமயங்கள் பற்றிய பெரிய நூலில் ஏழும் இருக்கின்றன. முன்னுரையில் இதைச் சொல்லும்போது ஏழு பெயரையும் ஒப்பிப்பதால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ஓரிடத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

நமக்குத் தெரிந்த இடத்திலேயே வைத்துப் பார்ப்போம். நாகூர் தர்காவுக்குப் போகிறீர்கள். கோட்பாட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த இடம் பெரிய புதிராக இருக்கும். இறைவன் ஒருவனே, அவனுக்கு இணை இல்லை என்பது இஸ்லாத்தின் அடிப்படை. இறைநேசரின் அடக்கத்தலத்தில் வேண்டுதல் வைப்பதைப் பற்றி இஸ்லாமிய அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அங்கே வரும் இந்துக்களோ அந்தக் கோட்பாட்டு விவாதத்தின் பக்கமே போனதில்லை. பிறகு ஏன் இத்தனை பேர் வருகிறார்கள்? கதையைக் கேட்டால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். ஷாகுல் ஹமீது ஆண்டகை தஞ்சை நாயக்க மன்னரின் நோயைத் தீர்த்த கதையும் மூழ்க இருந்த கப்பலைக் காத்த கதையும் கடற்கரை ஊர்களில் எல்லாச் சமயத்தாரும் சொல்லும் கதைகள். சடங்கைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் விளங்கும். கந்தூரி விழாவில் கொடி ஏறுகிறது, நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு ஊர்வலமாக வருகிறது. ஊர்வலத்தோடு நடக்க யாரும் யாரிடமும் கோட்பாட்டுத் தேர்வு எழுத வேண்டியதில்லை. பொருளைப் பார்த்தால் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங், அதாவது ஒரு இந்து அரசர். அனுபவம் என்று கேட்டால், நோய் தீர்ந்தவரும் மனபாரம் இறங்கியவரும் தங்கள் வாயாலேயே சொல்வார்கள்.

கோட்பாடு பொய் என்றோ சிறியது என்றோ ஸ்மார்ட் சொல்லவில்லை. ஏழில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். சில சமயங்களில் அது முன்னால் நிற்கும், சிலவற்றில் சடங்கு முன்னால் நிற்கும். எதற்கு எங்கே எடை அதிகம் என்று பார்ப்பதுதான் ஒப்பீடு. 1958இல் வந்த அவருடைய முதல் நூலிலேயே இந்த எடை பார்க்கும் முறை இருக்கிறது. வழிபாட்டில் எதிரே நிற்கும் இறைவனை உணர்வது ஒரு இழை. தியானத்தில் எதிரே எதுவும் இல்லாத அமைதியை அடைவது இன்னொரு இழை. தேரவாத பௌத்தத்தில் இரண்டாவது இழை கனக்கிறது. இராமானுசரிடம் முதல் இழை கனக்கிறது. சங்கரரிடம் இரண்டும் பின்னிக் கிடந்தாலும் தியான இழை மேலே நிற்கிறது. ஒரே உபநிடதங்களைப் படித்த இருவர் ஏன் வேறு வேறு முடிவுக்கு வந்தார்கள் என்பதற்கு இது ஒரு விளக்கம். எல்லாச் சமயமும் ஒன்றே என்ற பொத்தாம்பொதுவான சமரசமும், எங்கள் சமயமே உண்மை என்ற வாதமும் இதில் நுழைய முடியாது. சமய ஒப்பியல் என்றதும் மேடையில் பேசப்படும் சமரசத்தைத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தத் துறை செய்யும் வேலை அது அல்ல என்பதை ஒரு முன்னுரை புரியவைத்துவிட்டால், பொது வாசகருக்கு அது பெரிய உதவி.

அடுத்து வருவதுதான் முன்னுரை எழுதுபவரின் கை நடுங்கும் இடம். பேராசிரியரின் சொந்த நம்பிக்கை என்ன? இயற்பியல் பேராசிரியருக்கு மலர் போடும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. சமயப் பேராசிரியரிடம் எல்லோரும் கேட்கிறார்கள், மாணவர்கள் முதல் வகுப்பிலேயே கேட்டுவிடுவார்கள். ஸ்மார்ட் ஆங்கிலிகன் மரபைச் சேர்ந்தவர். தன்னைப் பௌத்த ஆங்கிலிகன் என்று சொல்லிக்கொள்ளும் வேடிக்கையும் அவரிடம் உண்டு. ஆனால் ஆய்வில் அவர் வைத்த நெறி கண்டிப்பானது. ஒரு சமயம் சொல்வது உண்மையா இல்லையா என்ற தீர்ப்பை ஆய்வு நடக்கும்வரை ஒதுக்கி வை. உண்டென்றும் சொல்லாதே, இல்லையென்றும் சொல்லாதே. நம்புகிறவருக்கு அது எப்படித் தோன்றுகிறது என்பதை அவர் இடத்தில் நின்று பார். ஆய்வுமுறைக்காக மட்டும் மேற்கொள்ளும் இந்த நடுநிலைக்கு அவர் தனிப் பெயரே வைத்திருந்தார். அது வாழ்க்கைக்கான அறிவுரை அல்ல, வேலைக்கான விதி.

எனவே முன்னுரையில் அவருடைய பக்தியை உருக்கமாக எழுதுவது தவறு, அவரை நாத்திகராகக் காட்டுவதும் தவறு. பௌத்த ஆங்கிலிகன் என்ற அந்த வேடிக்கையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, உடனே அந்த விதியைப் பற்றிப் பேசிவிடலாம். அவர் எதை நம்பினார் என்பதைவிட, நம்பாததையும் எப்படி நேர்மையாக விளக்கினார் என்பதுதான் மாணவர்களுக்குக் கிடைத்த சொத்து. இதே துறையின் இன்னொரு பெரியவர், கனடாவைச் சேர்ந்த வில்ஃப்ரெட் கேன்ட்வெல் ஸ்மித், இதைவிடக் கடுமையான சோதனை ஒன்று வைத்தார். ஒரு சமயத்தைப் பற்றி நீ எழுதியதை அந்தச் சமயத்தவர் படித்து, ஆம், இது நாங்கள்தான் என்று ஒப்புக்கொள்ள முடிய வேண்டும் என்றார். அந்தச் சோதனையை ஆய்வு முழுவதற்கும் வைக்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. தன்னைப் பற்றி வரலாறு சொல்லும் சில உண்மைகளை எந்தச் சமயத்தாரும் எளிதில் ஒப்புவதில்லை. ஆனால் பாராட்டு நூலின் முன்னுரைக்கு அது அருமையாகப் பொருந்துகிறது. பேராசிரியர் படித்துவிட்டு, ஆம், இது நான்தான் என்று சொல்ல வேண்டும். மிகைப்படுத்திய புகழ் அங்கேயே தோற்றுவிடும்.

இனி கருத்து வேறுபாடு. நம் பாராட்டு மலர்களில் இதற்கு இடமே இல்லை. ஃபெஸ்ட்ஷ்ரிஃப்டில் இதற்கு மதிப்பான இடம் உண்டு. ஸ்மார்ட்டின் தொகுப்பைப் பதிப்பித்த டொனால்ட் வீபியை எடுத்துக்கொள்ளுங்கள். சமய ஆய்வு முழுக்க முழுக்க அறிவியலாக இருக்க வேண்டும், அதில் இறையியல் பின்வாசல் வழியாகவும் நுழையக் கூடாது என்று பல ஆண்டுகளாக வாதாடி வருபவர் அவர். இந்தத் துறை தைரியம் இழந்து இறையியலுக்கு மறுபடியும் இடம் கொடுத்துவிட்டது என்று 1984இல் அவர் எழுதிய கட்டுரை துறைக்குள் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. நம்புகிறவர் இடத்தில் நின்று பார் என்ற ஸ்மார்ட்டின் மென்மையான வழியும், விளக்கு, காரணம் காட்டு என்ற வீபியின் கறாரான வழியும் ஒன்றல்ல. ஆனாலும் மாணவர் ஆசிரியருக்கு நூல் தொகுத்தார்.

இது நன்றியின்மையும் அல்ல, வெறும் சம்பிரதாயமும் அல்ல. உண்டென்றும் இல்லையென்றும் சொல்லாதே என்று ஆசிரியர் ஒரு கதவைத் திறந்துவிட்டார். மாணவர் அதன் வழியே இன்னும் தூரம் போய்விட்டார், அவ்வளவுதான். திறமையான முன்னுரையாளர் இதை நேராகவே எழுதுவார். இன்ன இடம்வரை அவரோடு வந்தேன், இன்ன இடத்தில் பிரிந்தேன், பிரிவதற்கான காரணத்தையும் அவரிடமே கற்றேன் என்று. வீண் பணிவில் அதை மறைத்தால், ஆசிரியருக்குச் சீடர்கள் மட்டுமே இருந்தார்கள், மாணவர்கள் இல்லை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். ஒரு சமய ஒப்பியல் பேராசிரியருக்கு அதைவிட வருத்தமான பெயர் இருக்க முடியாது. சீடர் கூட்டம் எப்படி உருவாகிறது என்பதையே அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்திருப்பார்.

கட்டுரைகளை அறிமுகப்படுத்தும் பகுதியில் பெரும்பாலான முன்னுரைகள் தூங்கிவிடுகின்றன. முதல் கட்டுரை இதைப் பேசுகிறது, இரண்டாவது கட்டுரை அதைப் பேசுகிறது என்று பதினைந்து பத்திகள். பொருளடக்கத்தை ஏற்கெனவே படித்தவருக்கு இது எதற்கு? கூட்டு நூலின் உண்மையான தொல்லையும் இங்கேதான் வெளிப்படும். அழைப்பு போனவுடன் எல்லோரும் சம்மதிப்பார்கள். கெடு வந்ததும் பாதிப் பேர் இன்னும் ஆறு மாதம் கேட்பார்கள். சிலர் வேறெங்கும் இடம் கிடைக்காமல் மேசை அறையில் கிடந்த பழைய கட்டுரையைத் தூசி தட்டி அனுப்புவார்கள், பேராசிரியரின் பெயர் முதல் அடிக்குறிப்பில் மட்டும் வரும். அதை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். அந்த அடிக்குறிப்பை நீக்கிப் பாருங்கள். கட்டுரையில் எதுவும் குறையவில்லை என்றால் அது இந்த நூலுக்காக எழுதப்பட்டது அல்ல. இப்படிப்பட்ட நூல்களைப் பதிப்பகங்கள் தயங்கித் தயங்கி வாங்குவதற்கும், இவற்றில் வரும் நல்ல கட்டுரைகள்கூடக் கண்ணில் படாமல் புதைந்து போவதற்கும் இந்தக் கதம்பத்தன்மை ஒரு காரணம்.

முன்னுரையாளர் செய்யக்கூடியது, பேராசிரியரின் ஒரு கேள்வியை எடுத்து, எந்தெந்தக் கட்டுரைகள் அந்தக் கேள்விக்கு விடை தேடுகின்றன என்று கோர்த்துக் காட்டுவது. ஸ்மார்ட் விஷயத்தில் அந்தக் கேள்வி, கோட்பாட்டைத் தாண்டிச் சமயம் எங்கே வாழ்கிறது என்பதாக இருக்கலாம். கோர்வைக்குள் வராத கட்டுரைகளை இரண்டு வரியில் மரியாதையோடு குறித்துவிட்டு நகர்வதில் தவறில்லை. எல்லோருக்கும் சம இடம் கொடுத்தால் யாரும் நினைவில் நிற்கமாட்டார்கள்.

வகுப்பறைக்கு வெளியே ஒருவர் செய்ததும் முன்னுரையில் விடுபடக் கூடாது. பேராசிரியர்கள் எழுதும் முன்னுரைகள் இதைத்தான் அடிக்கடி மறக்கின்றன. ஸ்மார்ட் பள்ளிக்கூடங்களுக்காக வேலை செய்தார். கிறிஸ்தவப் போதனையாக இருந்த பள்ளிச் சமயப் பாடம், உலகச் சமயங்களை அறிமுகப்படுத்தும் பாடமாக இங்கிலாந்தில் மாறியதில் அவருடைய பங்கு பெரிது. 1977இல் பி.பி.சி. பதின்மூன்று பகுதிகளாக ஒளிபரப்பிய சமயத் தொடருக்கு ஆலோசகராக இருந்தார். லான்காஸ்டர் நகரத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர், தன் வகுப்பில் இருக்கும் குஜராத்தி முஸ்லிம் பையனின் வீட்டு நோன்பைப் பற்றி மற்றப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று தவித்தால், அவருக்கு வழி காட்டும் பாடநூல்களும் குழுக்களும் இந்த முயற்சிகளிலிருந்துதான் வந்தன. ஆய்வாளர்கள் எழுதும் கட்டுரைகளில் இந்த ஆசிரியை வரமாட்டார். முன்னுரையில் மட்டும்தான் அவருக்கு இடம் உண்டு.

நூலின் முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ இன்னொரு பட்டியலும் வருவது உண்டு, வாழ்த்துவோர் பட்டியல். கட்டுரை எழுத நேரமோ தகுதியோ இல்லாத நண்பர்கள், முன்கூட்டியே ஒரு பிரதிக்குப் பணம் கட்டித் தங்கள் பெயரை அதில் சேர்த்துக்கொள்வார்கள். நம்மூர்த் திருமண மொய் நோட்டுக்கு இது தூரத்துச் சொந்தம் என்று சொன்னால் ஜெர்மன் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் செலவில் ஒரு பங்கு உண்மையிலேயே அதிலிருந்துதான் வரும்.

கடைசியாக, காலம் காட்டும் வினைச்சொல்லில் வரும் ஆபத்து. ஓய்வு பெற்றவரைப் பற்றி எழுதும்போது, எழுதினார், கற்பித்தார், சிந்தித்தார் என்று எல்லாமே இறந்த காலத்தில் ஓடிவிடும். படிப்பவருக்கு அஞ்சலிக் கூட்டத்தில் உட்கார்ந்த உணர்வு வரும். மறைந்தவருக்கு வெளியிடும் நினைவு நூல் தனி வகை, அதற்கு ஜெர்மனில் வேறு பெயர் உண்டு. மான்செஸ்டரின் சமய ஒப்பியல் பேராசிரியர் எஸ்.ஜி.எஃப். பிராண்டனுக்கு 1973இல் வெளிவந்தது அப்படிப்பட்ட நூல். வாழ்கிறவருக்கு அந்த நடையில் எழுதக் கூடாது.

ஸ்மார்ட்டின் தொகுப்பு வந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. அப்போது கலிஃபோர்னியாவில், சான்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் இன்னும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1996இல், தன் ஏழு பக்கங்களையும் மறுபடி எடுத்து விரிவாக ஆராய்ந்த பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். உலகத் தத்துவங்களைப் பற்றிய இன்னொன்று 1999இல் வந்தது. 1994ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவருடைய நூற்பட்டியலை எத்தனை கவனமாகத் தயாரித்திருந்தாலும் இந்த இரண்டும் அதில் இருந்திருக்க முடியாது.